'நான்கில் மூன்று' என்றால் 4/3 என்று எழுதும் பிள்ளை: ஆங்கில வழிப் பின்னக் கணக்கை வீட்டில் தமிழில் விளக்குவது

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் 1/2 + 1/4 = 2/6 என்று இருக்கிறது. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறது. அதே பிள்ளையிடம், "அரை கிலோ வெங்காயம், கால் கிலோ தக்காளி. பையில் மொத்தம் எத்தனை கிலோ?" என்று கேட்டால் யோசிக்காமல் "முக்கால்" என்கிறது. இரண்டும் ஒரே கணக்கு. ஒன்றைப் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தது, மற்றதை வீட்டில் தமிழில் கற்றது. நடுவில் தொடர்பே விழவில்லை.

இது தனியார் பள்ளிக் குடும்பங்களின் சிக்கல் மட்டுமல்ல. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. தமிழ் வழியில் படித்த பெற்றோர் பலர் இன்று ஆங்கிலத்தில் இருக்கும் வீட்டுப்பாடத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். "வீட்டில் தமிழில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை குழம்பிவிடும்" என்ற பேச்சும் கூடவே வருகிறது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தால் அல்ல. தமிழ் எந்த இடத்தில் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் காலை வாருகிறது என்று காட்டுவதற்குப் பின்னத்தைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. அதனால் இங்கே அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலில், எது தெரியவில்லை என்று கண்டுபிடிப்பது

"பிள்ளைக்குப் பின்னம் வரவில்லை" என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறு வேறு குறைகள் ஒளிந்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. அதனால் விளக்க ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம் சோதித்துப் பார்ப்பது நல்லது.

1. கருத்தே இல்லை. ஒரு தாளைச் சமமில்லாத நான்கு துண்டாகக் கிழித்து, ஒரு துண்டைக் காட்டி, "இது காலா?" என்று கேளுங்கள். "நாலு துண்டுல ஒண்ணு, அதனால கால்" என்று பதில் வந்தால், பங்குகள் சமமாக இருக்க வேண்டும் என்பதே மனதில் இல்லை. இந்தப் பிள்ளைக்கு நியூமரேட்டர், டினாமினேட்டர் என்ற பெயர்கள் மனப்பாடமாக இருக்கக்கூடும். அது நம்மை ஏமாற்றும்.

2. கருத்து இருக்கிறது, பள்ளிச் சொல் ஒட்டவில்லை. தாளை மடித்து முக்கால் பங்கைச் சரியாக நிறம் தீட்டுகிறது. ஆனால் "த்ரீ ஃபோர்த்ஸ் எழுது" என்றால் விழிக்கிறது, அல்லது மேல் எண்ணைக் கீழே எழுதுகிறது.

3. கருத்தும் இருக்கிறது, சொல்லும் தெரிகிறது, கேள்வியின் வாக்கியம் புரியவில்லை. 2/5 + 1/5 என்று எண்ணாகக் கொடுத்தால் போடுகிறது. அதையே நாலு வரிக் கதையாகக் கொடுத்தால், கண்ணில் பட்ட எண்களை எடுத்துக் கூட்டிவிடுகிறது.

மூன்றாவது வகையைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். பிள்ளை வகுப்புத் தோழர்களோடு சரளமாக ஆங்கிலம் பேசுகிறதே, கேள்வி எப்படிப் புரியாமல் போகும் என்று நினைத்துவிடுகிறோம். கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். விளையாட்டிலும் பேச்சிலும் புழங்கும் மொழி வேறு, பாடப்புத்தகத்தின் மொழி வேறு. முன்னது சீக்கிரம் வந்துவிடும், பின்னதற்குப் பல வருடம் ஆகும். பேச்சு மொழியில், எதிரில் இருப்பவரின் முகமும் கையும் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடுகின்றன. கணக்குப் புத்தகத்தில் அந்த உதவி கிடையாது.

வரிசை தலைகீழாகும் இடம்

3/4 என்பதைத் தமிழில் 'நான்கில் மூன்று' என்கிறோம். மொத்தம் முதலில், எடுத்தது அப்புறம். ஆங்கிலத்தில் 'த்ரீ ஃபோர்த்ஸ்' என்றால் எடுத்தது முதலில், மொத்தம் அப்புறம். காதில் விழுகிற வரிசையிலேயே மேலிருந்து கீழாக எழுதும் பிள்ளை, 'நான்கில் மூன்று' என்று கேட்டதும் 4/3 என்று எழுதுகிறது. "தமிழில் சொன்னால் குழம்பும்" என்பதில் உள்ள உண்மை இதுதான்.

ஆனால் அர்த்தத்தைப் பார்த்தால் தமிழ் வரிசையே சுலபமானது. முதலில் ஒன்றை நான்காக வெட்டுகிறோம், பிறகு மூன்றை எடுக்கிறோம். கை செய்கிற வேலையின் வரிசையும் வாய் சொல்கிற வரிசையும் ஒன்றாக இருக்கின்றன. கொரிய மொழியிலும் 'நான்கு பங்கின் மூன்று' என்றுதான் பின்னத்தைச் சொல்வார்கள். கொரிய, அமெரிக்க, குரோஷியப் பிள்ளைகளை ஒப்பிட்டு 1999ல் வந்த ஓர் ஆய்வில், பள்ளியில் பின்னம் நடத்துவதற்கு முன்பே கொரியப் பிள்ளைகள் பின்னத்துக்குப் பொருத்தமான படத்தைத் தேர்ந்தெடுப்பதில் முன்னால் இருந்தார்கள். நான்கு வருடம் கழித்து வந்த இன்னொரு ஆய்வில், அமெரிக்கப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே 'நான்கு பங்கில் மூன்று' என்கிற பாணியில் சொல்லிக் கேட்டபோது அவர்களும் நன்றாகவே செய்தார்கள். ஆக, உதவுவது மொழியின் பெருமை அல்ல. சொல்லும் விதம்.

சரி, எழுதும்போது வரும் தலைகீழ் சிக்கலை எப்படித் தீர்ப்பது? பின்னத்தைக் கீழிருந்து எழுதப் பழக்கினால் போதும். 'நான்கில்' என்று சொல்லும்போதே ஒரு கோடு போட்டு அதன் கீழே 4 எழுத வேண்டும். 'மூன்று' என்று சொல்லும்போது கோட்டின் மேலே 3. கோடு, கீழே, மேலே. எழுதி முடித்ததும் விரலை மேலே வைத்து, மேலிருந்து கீழாக 'த்ரீ ஃபோர்த்ஸ்' என்று ஆங்கிலத்தில் படிக்கச் சொல்லுங்கள். எழுதும்போது தமிழ், கீழிருந்து மேலே. படிக்கும்போது ஆங்கிலம், மேலிருந்து கீழே. விரல் போகும் திசையே இரண்டு மொழிகளையும் பிரித்து வைத்துவிடும்.

இங்கே இன்னொரு வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் 3/4 என்பதை 'த்ரீ பை ஃபோர்' என்று படிப்பார்கள், வகுப்பிலும்கூட. விலாசத்தில் கதவு எண்ணைச் சொல்ல அது போதும், பின்னத்துக்கு அது நல்ல வாசிப்பு இல்லை. 'பை' என்றதும் 3 தனி எண், 4 தனி எண் என்று காதில் விழுகிறது. இரண்டு தனி எண்களாகப் பார்க்கிற பிள்ளைதான் மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டும். போதாக்குறைக்கு, அறையின் அளவைச் சொல்லும்போது 'பத்துக்குப் பன்னிரண்டு' என்பதையும் 'டென் பை ட்வெல்வ்' என்கிறோம். அங்கே பெருக்கினால்தான் பரப்பளவு வரும். 'இன்டூ' இன்னும் மோசம். 'த்ரீ இன்டூ ஃபோர்' என்றால் பெருக்கல். ஆனால் பாடப்புத்தகம் 'டிவைடட் இன்டூ ஃபோர் ஈக்வல் பார்ட்ஸ்' என்கிறது. பெருக்கல் குறியின் பெயராகவே 'இன்டூ'வைப் பழகிய பிள்ளை இந்த வாக்கியத்தில் தடுமாறுவது அதன் தவறல்ல. இந்த 'இன்டூ'வுக்கு 'ஆக' என்று பொருள், 'நான்காகப் பிரித்தது' என்று ஒருமுறை தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

முக்கால் என்ற சொல்லுக்குள் இருக்கும் கணக்கு

பின்னம் என்பது ஒரே எண், இரண்டு எண்களின் அடுக்கு அல்ல என்பதைப் பிள்ளைக்குப் புரியவைப்பதுதான் பாடத்தின் கஷ்டமான பாதி. அதற்குத் தமிழில் தயாராக ஒரு சொல் இருக்கிறது. முக்கால் என்றால் மூன்று கால். மூன்று மாம்பழம் மாதிரி, மூன்று கால். இதில் கால் என்பது ஒரு பொருளின் பெயர், மூன்று என்பது எண்ணிக்கை.

ஆங்கிலச் சொற்களும் இதைத்தான் சொல்கின்றன. நியூமரேட்டர் என்ற லத்தீன் வழிச் சொல்லுக்கு 'எண்ணிக்கை சொல்வது' என்று பொருள். டினாமினேட்டர் என்றால் 'பெயர் சொல்வது'. மேலே எத்தனை, கீழே என்ன பெயர். இதைச் சொல்லிவிட்டால் அந்த இரண்டு நீளமான சொற்களும் பயமுறுத்துவதில்லை, எது மேலே எது கீழே என்ற சந்தேகமும் போய்விடும்.

தமிழ்ப் பாடப்புத்தகத்தின் சொற்களை இங்கே கொண்டுவரலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. நம் புத்தகங்களில் மேல் எண்ணுக்குத் தொகுதி, கீழ் எண்ணுக்குப் பகுதி என்று பெயர். ஆனால் வீட்டுப் பேச்சில் பகுதி என்றால் ஒரு துண்டு. "எத்தனை பகுதி எடுத்தோம்?" என்று அம்மா கேட்பது மேல் எண்ணை. புத்தகத்தில் பகுதி என்பதோ கீழ் எண். தொகுதி என்றால் பிள்ளைக்குச் சட்டமன்றத் தொகுதிதான் தெரியும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை பரீட்சையில் இந்தச் சொற்களை எழுதப் போவதில்லை. ஒரே பொருளுக்கு இரண்டு கலைச்சொற்களைச் சுமப்பதில் லாபம் இல்லை. விளக்கத்துக்கு மேல் எண், கீழ் எண், பங்கு ஆகிய மூன்று சொற்கள் போதும். பெயராக நியூமரேட்டரும் டினாமினேட்டரும் இருக்கட்டும்.

இப்போது 1/4 + 1/4 என்ற கணக்கை வைத்து, அந்தப் பழைய தவறைப் பிள்ளையையே பிடிக்க வைக்கலாம்.

"கால் கிலோவும் கால் கிலோவும் சேர்ந்தா?"

"அரை கிலோம்மா."

"உன் வழியில போட்டுப் பாரு."

"ஒன் ப்ளஸ் ஒன் டூ, ஃபோர் ப்ளஸ் ஃபோர் எய்ட். டூ எய்த்ஸ்."

"எட்டுத் துண்டுல ரெண்டு. அது எவ்வளவு? மடிச்சுப் பாரு."

மடித்துப் பார்த்தால் 2/8 என்பதும் கால்தான். காலோடு கால் சேர்த்தால் கால் வருகிறது என்றால் வழி தப்பு. 1/2 + 1/4 = 2/6 என்று எழுதியதையும் இப்படியே சோதிக்கலாம். 2/6 என்பது மூன்றில் ஒரு பங்கு, அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னும் சேர்த்த பிறகு எப்படிக் குறையும்? இந்தச் சோதனை எந்த மொழியிலும் நடக்கும், ஆனால் அரை, கால், முக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் புழங்கும் மொழியில் சட்டென்று நடக்கும்.

சமான பின்னத்துக்கும் இதே சொல் கைகொடுக்கிறது. கால் கிலோ என்றால் 250 கிராம், கால் மணி நேரம் என்றால் 15 நிமிடம், கால் ரூபாய் என்றால் 25 பைசா. எண்கள் வேறு வேறு, பெயர் ஒன்று. 250/1000, 15/60, 25/100 எல்லாமே 1/4 என்பதைப் பிள்ளை ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது. புத்தகம் இதை 'ரெடியூஸ்' செய் என்று சொல்லும்போது, ஏதோ குறைகிறது என்று பிள்ளை நினைக்கும். 'சுருக்கு' என்ற தமிழ்ச் சொல்லுக்கும் அதே கோளாறு உண்டு. 15/60ஐ 1/4 என்று எழுதுவதால் கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைவதில்லை என்று சொன்னால் தீர்ந்தது.

பெருக்கலுக்கும் ஒரு சொல் இருக்கிறது, இப்போது புழக்கம் குறைந்துவிட்டது. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது 1/8. ½ × ¼ என்ற கணக்கின் விடையைச் சொல்லே சொல்லிவிடுகிறது. பெருக்கினால் ஏன் சிறியதாகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இது உதவும். (அரைக்கால் சட்டையில் இருப்பது வேறு கால். பிள்ளை கட்டாயம் கேட்கும்.)

இந்த வசதிக்கு ஓர் எல்லை உண்டு. நம் பேச்சில் உயிரோடு இருக்கும் பின்னப் பெயர்கள் எல்லாம் பாதி, பாதியில் பாதி என்று போகிறவை. ஐந்தில் ஒன்றுக்கு நாலுமா என்றும் இருபதில் ஒன்றுக்கு மா என்றும் பழைய கணக்கில் பெயர்கள் இருந்தன, இன்று யாரும் சொல்வதில்லை. மூன்றில் ஒன்றுக்கோ வீட்டுப் பெயரே கிடையாது. கால், அரையை மட்டும் வைத்து விளக்கினால் பின்னம் என்றாலே பாதியாக வெட்டுவது என்று பிள்ளை நினைத்துவிடும். தாளை மூன்றாக மடிக்கவே தெரியாமல் நிற்கும். ஆகவே இரண்டாவது நாளே மூன்றுக்கும் ஐந்துக்கும் போய்விட வேண்டும். அங்கே 'மூன்றில் ஒரு பங்கு', 'ஐந்தில் இரண்டு பங்கு' என்று நீட்டிச் சொல்வதுதான் வழி.

2/3 + 1/4: ஒரு கடலை மிட்டாய்

எல்.சி.எம். எடு, கீழே போடு, மேலே பெருக்கு. நாம் படித்த வழி இதுதான், பிள்ளைக்கும் அதைத்தான் வகுப்பில் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை. அந்த 'ஏன்' வீட்டில் தமிழில் நடக்க வேண்டிய வேலை.

சதுரக் கட்டங்களாகக் கோடு போட்ட ஒரு கடலை மிட்டாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே மூன்று வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் நான்கு துண்டு. மொத்தம் 12. மிட்டாய் கிடைக்காவிட்டால் கட்டம் போட்ட நோட்டில் வரைந்தால் போதும்.

1. இதில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு? மூன்று வரிசையில் இரண்டு வரிசை, 8 துண்டு. அதாவது 2/3 = 8/12.

2. முழு மிட்டாயில் கால் பங்கு எவ்வளவு? நெடுக்கே நான்கு நிரல்கள் இருக்கின்றன. ஒரு நிரலில் 3 துண்டு. அதாவது 1/4 = 3/12.

3. இரண்டையும் சேர்த்தால் 8 துண்டும் 3 துண்டும், 11 துண்டு. ஆகவே 11/12. ஒரே ஒரு துண்டு மிச்சம்.

முதலில் 2/3ஐயும் 1/4ஐயும் ஏன் நேரடியாகக் கூட்ட முடியவில்லை? பெயர் வேறு. ஒன்று 'மூன்றிலொரு பங்கு' என்ற துண்டு, மற்றது 'நான்கிலொரு பங்கு' என்ற துண்டு. இரண்டு மாம்பழமும் ஒரு வாழைப்பழமும் சேர்ந்தால் மூன்று என்ன? பழம் என்று பொதுப்பெயர் வைத்தால்தான் மூன்று பழம் என்று சொல்ல முடியும். அப்படி இரண்டுக்கும் பொதுவாக வைத்த பெயர்தான் 'பன்னிரண்டிலொரு பங்கு'. 'காமன் டினாமினேட்டர்' என்றால் பொதுப்பெயர் என்றே பொருள். கூட்டும்போது கீழ் எண் ஏன் 24 ஆகவில்லை என்பதற்கும் இதுவே பதில். எட்டுப் பழமும் மூன்று பழமும் பதினொரு பழம். பழம் என்ற பெயரை யாரும் கூட்டுவதில்லை.

இந்தக் கணக்கில் பிள்ளைகள் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. இரண்டு வரிசையை எடுத்த பிறகு ஒரு வரிசைதான் மிச்சம், அதில் நான்கு துண்டு. "இப்போ கால் பங்கு எடு" என்றால், அந்த மிச்சத்தில் கால் என்று நினைத்து ஒரே ஒரு துண்டை எடுக்கும். விடை 9/12 என்று வரும். இது கூட்டல் பிழை அல்ல, எதில் கால் என்பதில் வந்த பிழை. 9/12 என்ற விடையைப் பார்த்தாலே இதுதான் நடந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். மருந்து ஒரே கேள்விதான்: "எதில்?" முழுசில் காலா, மீதியில் காலா? தமிழில் அந்த 'இல்' உருபு எப்போதும் கேட்கத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பின்னத்தையும் பார்த்ததும் "எதில்?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், அடுத்த பாதி வேலை சுலபம்.

கேள்வியின் வாக்கியம்

புத்தகத்தில் வரும் வகைக் கணக்கு ஒன்று. ஒரு பையனிடம் 20 கோலிக்குண்டு. அதில் 1/4 பங்கைத் தங்கைக்குக் கொடுத்தான். மீதியில் 2/5 பங்கை நண்பனுக்குக் கொடுத்தான். மொத்தக் கோலியில் எத்தனை பங்கு அவனிடம் இருக்கிறது?

இதைத் தமிழில் இப்படிச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் போட்டுவிடும். 20ல் கால் 5. மீதி 15. அதில் ஐந்தில் இரண்டு பங்கு 6. மிச்சம் 9. விடை 9/20. ஆங்கிலத்தில் கொடுத்தால் பலருக்கு 7/20 வருகிறது. காரணம், 'டூ ஃபிஃப்த்ஸ் ஆஃப் த ரிமைனிங்' என்ற இடத்தில் 'ரிமைனிங்' என்பதைத் தாண்டிப் போய், 2/5ஐ 20க்கே போட்டு 8 என்று எடுத்துவிடுகிறார்கள். 20 − 5 − 8 = 7. நோட்டில் 7/20 என்று இருந்தால், பின்னத்தை மறுபடி விளக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். பின்னம் தெரிகிறது. வாக்கியம்தான் தெரியவில்லை.

வாக்கியத்தில் சிக்கல் எங்கே என்றால், மறுபடியும் வரிசையில்தான். தமிழில் 'மீதியில் ஐந்தில் இரண்டு' என்று எதில் என்பது முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் பின்னம் முதலில் வந்து, 'ஆஃப்' வந்து, எதில் என்பது கடைசியில் வரும். பிள்ளை 2/5ஐப் பார்த்ததுமே கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. கேள்வியைப் படிக்கும்போதே பென்சிலால் இதைச் செய்யச் சொல்லலாம்: 'ஆஃப்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குப் பின்னால் இருக்கும் சொல்லின் கீழே கோடு போட வேண்டும், அதுதான் 'எதில்' என்பதற்கான பதில். அப்புறம் அங்கிருந்து பின்னோக்கி வந்து தமிழில் சொல்ல வேண்டும். 'ஆஃப் த ரிமைனிங்', அதாவது மீதியில். 'டூ ஃபிஃப்த்ஸ்', ஐந்தில் இரண்டு. கணக்கு அதற்குப் பிறகுதான்.

கடைசி வரியும் அப்படித்தான். 'வாட் ஃபிராக்ஷன் ஆஃப் த மார்பிள்ஸ் இஸ் லெஃப்ட்' என்று கேட்டால், 'லெஃப்ட்' என்பதை இடது என்று படிக்கும் பிள்ளைகள் உண்டு. சிரிக்க வேண்டாம். பேச்சில் அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில்தான் அதிகம் கேட்டிருப்பார்கள். 'இம்ப்ராப்பர்' என்றால் தப்பு என்று நினைத்து, 7/4 என்ற சரியான விடையை அழித்துவிடும் பிள்ளைகளும் உண்டு. ஒன்றேமுக்கால் என்று சொல்லிக் காட்டினால் அது நல்ல விடை என்று தெரிந்துவிடும். பின்னப் பாடத்தில் இப்படி இடறும் சொற்கள் பத்துப் பதினைந்துக்கு மேல் தேறாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில், அந்தச் சொல் வந்த வாக்கியத்தோடு எழுதி வைத்துக்கொண்டால் போதும். தனிச் சொல்லாக எழுதினால் பயன் குறைவு, ஏனென்றால் 'லெஃப்ட்' என்ற சொல் தனியாக நிற்கும்போது இடதுதான்.

திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது

வீட்டில் தமிழில் புரிந்த பாடம் பரீட்சைத் தாளில் வராமல் போவதற்கு முக்கியக் காரணம், விளக்கம் தமிழிலேயே நின்றுவிடுவது. பிள்ளை தலையாட்டிவிட்டது, அம்மாவுக்கும் நிம்மதி, புத்தகத்தை மூடிவிட்டார்கள். பள்ளி கேட்பதோ ஆங்கிலத்தில். இந்தப் பாலத்தின் மறுகரை கட்டப்படவே இல்லை.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் வெல்ஷ் மொழியும் ஆங்கிலமும் சேர்ந்து நடக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1990களில் ஒரு முறையை விவரித்தார். ஒரு மொழியில் படிப்பது அல்லது கேட்பது, இன்னொரு மொழியில் எழுதுவது அல்லது பேசுவது. அப்படி மாற்றும்போது வார்த்தையை ஒப்பிக்க முடியாது, கருத்து உள்ளே போயிருந்தால்தான் மறு மொழியில் வெளியே வரும். வீட்டுப்பாடத்துக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே போவது தமிழில், வெளியே வருவது ஆங்கிலத்தில்.

கடலை மிட்டாய்க் கணக்கு முடிந்ததும், பிள்ளை அதை முதலில் தமிழில் சொல்லட்டும். அடுத்து, தமிழ் வாக்கியத்துக்குள்ளேயே பள்ளிச் சொற்களைப் போட்டுச் சொல்லட்டும்: "மூணும் நாலும் வேற வேற டினாமினேட்டர், அதனால காமன் டினாமினேட்டர் பன்னெண்டு எடுத்தேன்." கலப்பு மொழி என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை, இது நடுவில் வைக்கும் படி. கடைசியாகப் புத்தகத்தின் வாக்கியத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதட்டும். இரண்டு வரி போதும். அதை எழுத முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. எழுத முடியாமல் தமிழில் மட்டும் சொல்ல முடிந்தால், முன்பு சொன்ன இரண்டாம் வகைக் குறை இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

பெற்றோருக்கே ஆங்கில வாக்கியம் தடுமாறினால்? மாநிலப் பாடத்திட்டப் புத்தகங்கள் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே பாடமாக வெளிவருகின்றன. ஒரே வகுப்பின் இரண்டு புத்தகங்களையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். படமும் எண்களும் இரண்டிலும் ஒன்றே என்பதால், பக்கத்தில் பக்கம் வைத்து எந்த வாக்கியம் எதற்கு இணை என்று பார்த்துவிடலாம். பெற்றோர் தமிழ்ப் பக்கத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்தால், பிள்ளையின் ஆங்கிலப் பக்கத்தில் என்ன கேட்கிறார்கள் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இருக்காது. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு இப்படி ஜோடிப் புத்தகம் கிடைக்காமல் போகலாம். ஆனால் பின்னம் எல்லாப் பாடத்திட்டத்திலும் பின்னம்தான், மாநிலப் புத்தகத்தின் பின்னப் பாடத்தை வைத்தே சமாளிக்கலாம்.

இது உதவாத இடங்கள்

பள்ளி நடத்தும் வழியும் நாம் படித்த வழியும் வேறாக இருந்தால், மொழியைவிட அதுதான் பெரிய குழப்பம். நாம் படித்த காலத்தில் எல்.சி.எம். எடுத்து நீளமான ஒரே கோட்டின் மேல் எல்லாவற்றையும் எழுதினோம். இப்போது சில வகுப்புகளில் முதலில் ஒவ்வொரு பின்னத்தையும் தனித்தனியாகச் சமான பின்னமாக மாற்றி எழுதச் சொல்கிறார்கள். விடை ஒன்றுதான், ஆனால் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. பிள்ளை "எங்க மிஸ் இப்படிப் போடல" என்று சொன்னால், அதோடு வாதாடுவதைவிட நோட்டைத் திருப்பி வகுப்பில் போட்ட கணக்கைப் பார்ப்பது நல்லது. 'ஏன்' என்பதை நம் மொழியில் சொல்லலாம். 'எப்படி எழுதுவது' என்பதைப் பள்ளியின் நோட்டுக்கே விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, வயது. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பின்னத்துக்குக் கிலோவும் மிட்டாயும் கடிகாரமும் போதும். எட்டாம் வகுப்பில் x/3 + x/4 = 7 என்று வரும்போது, அங்கே எடுத்துக் காட்ட மிட்டாய் இல்லை. x எவ்வளவு என்றே தெரியாது. ஆனால் 'பன்னிரண்டிலொரு பங்கு' என்ற பொதுப்பெயர் அங்கேயும் அப்படியே வேலை செய்கிறது: நான்கு x, மூன்று x, சேர்ந்து ஏழு x, எல்லாம் பன்னிரண்டில். 7x/12 = 7, ஆகவே x = 12.